10.8 எழுதிய பிள்ளைக்கு எத்தனை புள்ளி?

மேசையில் இரண்டு செய்முறை அறிக்கைகள் இருக்கின்றன. இரண்டும் எளிய ஊசலைக் கொண்டு ஈர்ப்பு ஆர்முடுகல் g ஐத் துணிவது பற்றியவை. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் பௌதிகவியல் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் பழக்கமான பரிசோதனை. முதல் அறிக்கையின் கடைசி வரியில் g = 9.812 m s⁻² என்று இருக்கிறது. இரண்டாவதில் 10.8 m s⁻². பழைய பழக்கத்தில் புள்ளி போடுகிறவர் முதலாவதுக்கு இருபதுக்குப் பதினெட்டும் இரண்டாவதுக்குப் பத்தோ பதினொன்றோ போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்துவிடுவார்.

நான் முதலாவதுக்கு எட்டும் இரண்டாவதுக்குப் பதினாறும் போடுவேன். அது ஏன் என்பதைத்தான் இங்கே விளக்கமாக எழுதப்போகிறேன். ஏனென்றால் ஆய்வறிக்கைக்கு ஒரு புள்ளித்திட்டம் எழுதுவது என்றால், கடைசியில் வந்த எண்ணுக்குப் புள்ளி போடாமல், அந்த எண் வந்த வழிக்குப் புள்ளி போடுவது எப்படி என்று தாளில் எழுதிவைப்பதுதான்.

என் திட்டத்தில் இருபது புள்ளிகள். செய்முறைக்கு ஐந்து, பெறுபேறுகளுக்கு ஐந்து, வழுப் பகுப்பாய்வுக்கு ஆறு, முடிவுக்கு நான்கு. வழுவுக்கு ஆகக்கூடிய புள்ளி கொடுத்திருப்பதைப் பார்த்துச் சில ஆசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. பிள்ளைகள் அந்தப் பகுதியில்தான் குறைவாக எழுதுகிறார்கள், அங்கே புள்ளியைக் கூட்டினால் எல்லோருக்கும் குறையும் என்பார்கள். குறைவாக எழுதுவதற்குக் காரணமே அதற்கு இதுவரை ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோதான் கிடைத்து வந்தது என்பதுதான். புள்ளி எங்கே இருக்கிறதோ பிள்ளையின் பேனை அங்கேதான் போகும்.

முதலில் செய்முறை. "நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு 20 அலைவுகளுக்கான நேரத்தை அளந்தேன்" என்று எழுதினால் அதற்கு இரண்டு புள்ளிதான். இன்னொரு பிள்ளை இந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு அதே பரிசோதனையைச் செய்ய முடியாது. நூல் எங்கே பிடிக்கப்பட்டது? பிளந்த தக்கையின் இரண்டு பாதிகளுக்கு இடையே இறுக்கியிருந்தால் ஊசலின் நீளம் தக்கையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கும். தாங்கியின் கம்பியில் சும்மா சுற்றிக் கட்டியிருந்தால், ஆடும்போது நூல் கம்பியில் கொஞ்சம் சுற்றி அவிழும், நீளம் எது என்றே சொல்ல முடியாது. நீளம் குண்டின் மையம் வரையா, நூலின் முடிச்சு வரையா? நேரத்தை எந்த இடத்தில் தொடங்கினார்? சமநிலைத் தானத்துக்கு நேரே ஒரு குறிப்பூசியை நட்டு, குண்டு அதைக் கடக்கும்போது தொடங்க வேண்டும். அங்கேதான் குண்டு ஆக வேகமாகப் போகிறது, கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் குண்டு நின்று திரும்புகிற இடத்தில் தொடங்கினால் எந்தக் கணம் என்று கண்ணால் பிடிக்க முடியாது.

இந்த விவரங்கள் ஒவ்வொன்றும் வழுவின் அளவை மாற்றுகிறவை. ஆகையால் திட்டத்தில் "செய்முறை தெளிவாக உள்ளது" என்று எழுதாமல், "நீளம் எங்கிருந்து எதுவரை என்று சொல்லப்பட்டுள்ளது, நேரம் தொடங்கிய இடமும் எண்ணத் தொடங்கிய விதமும் சொல்லப்பட்டுள்ளன" என்று எழுதுகிறேன். தெளிவு என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். நீளம் எதுவரை என்று தாளில் இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு ஆசிரியர்கள் முரண்பட இடமில்லை. நாங்கள் இரண்டு பேராகப் புள்ளியிடும்போது முதலில் மூன்று அறிக்கைகளை எடுத்து, ஒருவர் போட்டதை மற்றவர் பாராமல் புள்ளி போட்டு ஒப்பிடுவது வழக்கம். எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே திட்டத்தின் வசனத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அநேகமாக அந்த இடத்தில் "நன்று", "போதுமானது" மாதிரி ஒரு சொல் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஆய்வுகூடங்களில் இன்னொரு சங்கதி உண்டு. வெக்கைக்குப் போடுகிற மின்விசிறி. அதை நிறுத்தாமல் ஊசலை ஆட்டினால் குண்டு ஒரே தளத்தில் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கும். "மின்விசிறியை நிறுத்தினோம், குண்டு ஒரே தளத்தில் ஆடுகிறதா என்று பார்த்தோம்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால் அவர் உண்மையிலேயே அந்த மேசையில் நின்று செய்தவர் என்று தெரிந்துவிடும். அதற்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

அடுத்தது பெறுபேறுகள். முதல் அறிக்கையின் அட்டவணையைப் பாருங்கள். நீளம் 0.50 மீற்றருக்கு 20 அலைவுகளின் நேரம் இரண்டு தடவையும் 28.37 செக்கன். 0.80 மீற்றருக்கு 35.88, 35.89. கையால் நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கி இப்படி எடுக்கவே முடியாது. கண் பார்த்து விரல் அமுக்குவதற்குள் செக்கனில் ஐந்திலொரு பங்கு மட்டில் போய்விடும், அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் போகாது. உண்மையாக எடுத்த வாசிப்புகள் 35.8, 36.1 என்று கொஞ்சம் தள்ளித்தள்ளித்தான் நிற்கும். இந்த அட்டவணையில் உள்ள எண்கள் g = 9.81 என்று வைத்துக்கொண்டு சூத்திரத்திலிருந்து பின்னோக்கிக் கணித்தவை.

T = 2π√(l/g)

இதில் 0.80 ஐப் போட்டு, g க்கு 9.81 ஐப் போட்டு, இருபதால் பெருக்கிப் பாருங்கள், 35.89 வரும். வரைபிலும் ஆறு புள்ளிகளும் அடிமட்டத்தை வைத்துக் குத்தினது போல ஒரே கோட்டில் இருக்கின்றன.

பிள்ளை பொய் எழுதிவிட்டார் என்று கோபப்படுவதை விட, அவரை அப்படி எழுதத் தூண்டியது எது என்று பார்ப்பது நல்லது. 9.81 வந்தால் புள்ளி, வராவிட்டால் குறைவு என்று நாங்கள் காட்டிக்கொடுத்திருக்கிறோம். உயர்தர இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் செய்முறை சார்ந்த வினா வரும்போது எதிர்பார்க்கும் விடையை எழுதிப் பழகிய பிள்ளை, ஆய்வுகூடத்திலும் எதிர்பார்க்கும் விடையையே எழுதுகிறார். அதனால் திட்டத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். மூல வாசிப்புகள் அன்றைக்கே பேனையால் எழுதப்பட்டு, அந்தப் பக்கத்தில் ஆசிரியரின் ஒப்பம் இருக்க வேண்டும், அதற்கு ஒரு புள்ளி. பிழையான வாசிப்பை அழிறப்பரால் அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, அருகே புதியதை எழுதலாம், அதற்குப் புள்ளி குறையாது. இரண்டாவது மாற்றம், g யின் பெறுமானம் சரியாக வந்ததற்கென்று ஒரு புள்ளிகூட இல்லை. எங்குமே இல்லை.

பெறுபேறுகளில் மீதிப் புள்ளிகள் வரைபுக்கு. T² ஐ நிலைக்குத்து அச்சிலும் l ஐக் கிடை அச்சிலும் குறித்தால் நேர்கோடு வரும், அதன் படித்திறன் 4π²/g. இங்கே ஒரு விடயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை நீளத்தை நூலின் முடிச்சு வரைதான் அளந்தார் என்று வையுங்கள். குண்டின் கொக்கியும் ஆரையும் சேர்ந்து 2.5 செ.மீ விடுபட்டுவிட்டது. அப்போது ஒவ்வொரு நீளமும் அதே அளவு குறைவாக இருக்கும். கோடு அப்படியே இடப்பக்கம் நகரும், படித்திறன் மாறாது, ஆனால் கோடு உற்பத்தியினூடாகப் போகாமல் T² அச்சை ஏறத்தாழ 0.10 s² இல் வெட்டும். அந்த வெட்டுத்துண்டை மதித்து, புள்ளிகளுக்கு ஆகப் பொருத்தமான கோட்டை வரைந்தால் g சரியாக, யாழ்ப்பாணத்துக்கு உரிய 9.78 ஆகவே வரும். "கோடு உற்பத்தியினூடாகத்தானே போக வேண்டும்" என்று வலுக்கட்டாயமாக 0,0 இல் கொண்டுபோய்ச் சேர்த்தால் படித்திறன் கூடிவிடும், g ஏறத்தாழ 9.4 ஆகக் குறைந்துவிடும். அளந்ததில் இருந்த சின்னக் குறையை வரைபு தானாகவே வெளியில் காட்டுகிறது, பிள்ளை அதை அடிமட்டத்தால் மறைத்துவிடுகிறார். "கோடு புள்ளிகளுக்குப் பொருந்துமாறு வரையப்பட்டுள்ளது, உற்பத்தி ஒரு புள்ளியாகக் கருதப்படவில்லை" என்ற வரிக்கு இரண்டு புள்ளி.

இப்போது 10.8 ஐ எழுதிய பிள்ளையிடம் வருவோம். அவருடைய அட்டவணை உண்மையானது. 0.80 மீற்றருக்கு 34.0, 34.2. வரைபு நல்ல நேர்கோடு, உற்பத்தியினூடாகவே போகிறது, படித்திறன் 3.64. வழுவை ஒழுங்காகக் கணித்திருக்கிறார். நீளத்தில் 1 மி.மீ, அது 0.80 மீற்றரில் 0.1 சதவீதம் மட்டில். நேரத்தில் 0.2 செக்கன், அது 34 செக்கனில் 0.6 சதவீதம். g யின் சமன்பாட்டில் T வர்க்கமாக வருவதால் அதை இரட்டித்து 1.2. மொத்தம் 1.3 சதவீதம், ஆகவே g = 10.8 ± 0.1. இருபது அலைவுகளை ஏன் எடுத்தார் என்பதையும் எண்ணில் காட்டியிருக்கிறார். ஒரே ஒரு அலைவை அளந்திருந்தால் அதே 0.2 செக்கன் 1.7 செக்கனில் போய் விழும், g யில் வழு இருபது சதவீதத்தைத் தாண்டும். இந்தக் கணிப்புக்கான மூன்று புள்ளிகளும் அவருக்கு உண்டு.

சறுக்கியது அடுத்த பகுதியில். "பெறுமானம் கூடியமைக்குக் காற்றுத் தடையும் மனித வழுவும் காரணம்" என்று எழுதியிருந்தார். இந்த வசனத்தை யாழ்ப்பாணத்தில் எந்தக் கொப்பியைத் திறந்தாலும் காணலாம். இதற்கு ஒரு புள்ளி. மற்ற இரண்டையும் பெற, சொல்கிற காரணம் g யைக் கூட்டுமா குறைக்குமா என்று சொல்ல வேண்டும், எவ்வளவால் என்று உத்தேசமாகவாவது சொல்ல வேண்டும். இந்த ஒரு வரிதான் என் திட்டத்திலேயே ஆகப் பெறுமதியான வரி என்று நினைக்கிறேன்.

காற்றை எடுங்கள். காற்று அலைவுகாலத்தைக் கூட்டத்தான் பார்க்கும், அதுவும் பித்தளைக் குண்டில் மிகமிகச் சிறிய அளவில். அலைவுகாலம் கூடினால் g குறைவாக வரும். இவருக்கோ கூடி வந்திருக்கிறது. காரணம் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. பெரிய கோணத்தில் விட்டாரோ? 30 பாகையில் விட்டால் அலைவுகாலம் 1.7 சதவீதம் மட்டில் கூடும், g மூன்றரை சதவீதம் குறையும். அதுவும் எதிர்ப்பக்கம்தான். நீளத்தைக் கூட அளந்துவிட்டாரோ? 0.80 மீற்றரில் பத்து சதவீதம் பிழைக்க வேண்டுமானால் எட்டு செ.மீ பிழைத்திருக்க வேண்டும், மீற்றர் கோலை வைத்து அளக்கிறவர் அப்படி விடமாட்டார். விட்டிருந்தாலும் வரைபில் வெட்டுத்துண்டு காட்டியிருக்கும். கடிகாரத்தை அமுக்குவதில் 0.2 செக்கன் தாமதம் ஒரு சதவீதத்துக்குத்தான் காணும்.

அப்போ மிஞ்சுவது என்ன? கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரிடமே கேட்டேன்.

"அலைவை எப்பிடி எண்ணினனீர்?"

"குண்டு ஊசியைக் கடக்கேக்க வோச்சை அமுக்கிப்போட்டு ஒண்டு எண்டு தொடங்கினனான் சேர். இருபது எண்டேக்க நிப்பாட்டினனான்."

அதுதான். கடிகாரத்தைத் தொடங்கும் கணத்தில் பூச்சியம் என்று சொல்ல வேண்டும். ஒன்று என்று சொல்லித் தொடங்கினால் இருபது என்று சொல்லும்போது பத்தொன்பது அலைவுகள்தான் முடிந்திருக்கும். அலைவுகாலம் 19/20 ஆகக் குறையும், அதன் வர்க்கம் 0.9025, g அதே விகிதத்தில் கூடும். 9.78 ஐ 0.9025 ஆல் பிரித்தால் 10.8. அவருடைய அட்டவணையிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. 0.80 மீற்றரில் வரவேண்டிய நேரத்தை விட 1.8 செக்கன் குறைவு, 0.40 மீற்றரில் 1.3 செக்கன் குறைவு. ஒவ்வொரு நீளத்திலும் குறைவது சரியாக ஓர் அலைவுகாலம்.

"அப்ப நான் திரும்பச் செய்யட்டோ சேர்?"

"தேவையில்லை. உம்மட வாசிப்பு சரி. பத்தொன்பதால பிரிச்சுப் பாரும்."

இந்த வழுவின் குணத்தைக் கவனிக்க வேண்டும். இது எழுமாற்று வழு இல்லை, எல்லா வாசிப்புகளையும் ஒரே விகிதத்தில் ஒரே பக்கம் தள்ளுகிற முறைமை வழு. அதனால் புள்ளிகள் சிதறாது, கோடு வளையாது, வெட்டுத்துண்டும் வராது. வரைபு எவ்வளவு அழகாக இருந்தாலும் இதைக் காட்டாது. திரும்பத் திரும்ப வாசிப்பு எடுத்துச் சராசரி கண்டாலும் போகாது. 10.8 க்கும் 9.78 க்கும் இடையே உள்ள தூரம் ± 0.1 என்ற எல்லையைப் போலப் பத்து மடங்கு என்பது மட்டும்தான் ஒரே அடையாளம். வழுவைக் கணிக்காத பிள்ளைக்கு அந்த அடையாளமும் கிடைக்காது. 10.8 என்பது "கொஞ்சம் கூடிப்போச்சு" என்பதோடு முடிந்துவிடும்.

புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். எண்ணத் தொடங்கிய விதத்தைச் செய்முறையில் எழுதாததற்கு அங்கே ஒரு புள்ளி போனது. அதற்குப் பிறகு அந்தப் பிழை பெறுபேற்றிலும் முடிவிலும் தொடர்ந்து வருகிறது என்பதற்காகத் திரும்பத் திரும்ப வெட்டுவது நியாயமில்லை. ஒரு பிழைக்கு ஒரு தடவைதான் தண்டம். தன் கையில் இருந்த எண்களை வைத்து அதற்குப் பிறகு சரியாகச் செய்த ஒவ்வொரு படிக்கும் முழுப் புள்ளி. இந்த விதியைத் திட்டத்தின் தலைப்பிலேயே எழுதிவைக்காவிட்டால், களைத்துப்போய் இரவு பத்து மணிக்குத் திருத்துகிற ஆசிரியர் கடைசி எண்ணைப் பார்த்து எல்லா இடமும் வெட்டிக்கொண்டு போவார். 10.8 எழுதிய பிள்ளைக்குச் செய்முறையில் நான்கு, பெறுபேறுகளில் ஐந்து, வழுவில் நான்கு, முடிவில் மூன்று.

முதல் அறிக்கைக்கு வழுப் பகுதியில் ஒரே ஒரு புள்ளி. "கருவி வழு, மனித வழு, காற்றுத் தடை" என்று மூன்று சொற்கள்தான் இருந்தன, கணிப்பு எதுவும் இல்லை. கணிப்பு இல்லாதபோது 9.812 என்று மூன்று தசமதானம் எழுதுவதற்கும் உரிமை இல்லை. ஒரு சதவீதத்துக்கு மேல் வழுவுள்ள அளவீட்டில் முதல் தசமதானமே ஆட்டம் காண்கிறது.

முடிவுப் பகுதிக்கு நான்கு புள்ளிதான் என்றாலும் இங்கே ஒரு யாழ்ப்பாணச் சங்கதி இருக்கிறது. புத்தகங்களில் வருகிற 9.81 எங்கள் ஊருக்கு உரியது இல்லை. g பூமத்திய ரேகையில் ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83. நாங்கள் இருப்பது வட அகலக்கோடு 9.7 பாகையில், கடல்மட்டத்தோடு ஒட்டியபடி. இங்கே g 9.78 தான். ஆகவே "நியமப் பெறுமானம் 9.81 உடன் ஒப்பிடுகையில்" என்று தொடங்குகிற முடிவு, ஒப்பிடக்கூடாத எண்ணோடு ஒப்பிடுகிறது. 9.81 என்று பின்னோக்கிக் கணித்த பிள்ளை வேறொரு நாட்டின் g யை யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்.

இதைக் கேட்ட ஒரு மாணவன் அடுத்த தவணையில் உற்சாகமாக எழுதினான்: "எனது பெறுமானம் 9.78 ± 0.12. ஆகவே யாழ்ப்பாணத்தில் g, 9.81 ஐ விடக் குறைவு என நிறுவப்பட்டது." விருப்பத்தோடு எழுதியிருக்கிறான், எனக்கும் வாசிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு புள்ளி வெட்டினேன். 9.66 இலிருந்து 9.90 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதற்குள்ளேயே இருக்கிற 9.81 ஐ இல்லை என்று சொல்ல முடியாது. அவன் சொல்லக்கூடியது, தன் பெறுமானம் 9.78 உடன் உடன்படுகிறது, 9.81 உடனும் உடன்படுகிறது, இரண்டையும் பிரித்தறிய இந்தப் பரிசோதனைக்குக் கூர்மை காணாது என்பது மட்டும்தான். திட்டத்தில் இதற்கான வரி: "முடிவு, கணித்த வழு எல்லை அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே சொல்லப்பட்டுள்ளது." இதற்கு இரண்டு புள்ளி.

கடைசிப் புள்ளி முன்னேற்றத்துக்கு. "கூடிய கவனத்துடன் செய்ய வேண்டும்", "நவீன கருவிகளைப் பயன்படுத்த வேண்டும்" என்பவற்றுக்கு ஒன்றும் இல்லை. எந்த வழுவை எவ்வளவு குறைக்கும் என்று சொல்ல வேண்டும். அந்த மாணவனுக்கு வெட்டிய புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: 9.78 ஐயும் 9.81 ஐயும் பிரித்தறிய என்ன செய்ய வேண்டும்? இரண்டு நாள் கழித்துக் கணக்கோடு வந்தான். வித்தியாசம் 0.3 சதவீதம். நீளத்தை ஒரு மீற்றராகவும் அலைவுகளை நூறாகவும் எடுத்தால் நேரம் 200 செக்கன். 0.2 செக்கன் வழு அதில் 0.1 சதவீதம், இரட்டித்தால் 0.2. நீளத்தில் 1 மி.மீ இன்னொரு 0.1. கூட்டினால் 0.3, அதாவது இன்னும் மட்டுமட்டுத்தான். நூறு அலைவுகளை இருநூறாக்கினால் மொத்தம் 0.2 க்கு இறங்கும், ஆனால் அதற்குள் வீச்சம் குறைந்து குண்டு ஊசியைக் கடப்பது தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்று அவனே ஓரத்தில் எழுதியிருந்தான். பாரமான குண்டு வேண்டும், மின்விசிறி கட்டாயம் நிற்க வேண்டும், எண்ணுவதற்கு ஒருவரும் கடிகாரத்துக்கு ஒருவருமாக இரண்டு பேர் வேண்டும் என்றும் இருந்தது. வெட்டிய புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். வருகிற சனிக்கிழமை ஆய்வுகூடத்தைத் திறந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.